புதுக் கணினிக்கு முதல் நாளே ஒரு நகல்

ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரம். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் டி.டி.பி. கடை ஒன்றில் கணினி திறக்க மறுத்தது. நீலத் திரை வரும், தானே அணைந்து மறுபடி எழும், மறுபடி நீலத் திரை. கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். மெக்கானிக் வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார், அரை மணி நேரத்தில். ஆனால் கடை மறுபடி ஓடியது மூன்றாம் நாள் மாலையில்தான்.

இடையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாமினியில் தொடங்கி நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களைத் தேடிப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. தட்டச்சர் பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவர், அதற்கான விசைப்பலகை மென்பொருளை அமைக்க வேண்டியிருந்தது. பேஜ்மேக்கர், கோரல் டிரா இரண்டின் சிடியும் உரிம எண்ணும் வேறு வேறு அலமாரிகளில் இருந்தன. பிரிண்டரின் டிரைவர் கிடைத்தது, ஆனால் கார்டு அளவுகளையும் தாளின் தடிமனையும் வண்ண அளவையும் ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்துச் சரிசெய்வதற்குள் ஒரு கட்டுத் தாள் போயிற்று.

“அண்ணே, விண்டோஸ் போடுறது அரை மணி நேர வேலைதான். அதுக்குள்ள என் கடையைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறதுதான் மூணு நாள்” என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. விண்டோஸிலேயே Reset this PC என்று ஒரு வசதி உண்டு. அது விண்டோஸைப் புதிதாக்கும், நாம் ஏற்றிய மென்பொருள்களை நீக்கிவிடும். ரீஸ்டோர் பாயின்ட் என்ற ஸ்னாப்ஷாட் வசதியும் உண்டு. தவறான டிரைவர் ஒன்றைப் போட்டுவிட்டால் நேற்றைய நிலைக்குப் போக அது உதவும். ஆனால் அது இருப்பது அதே டிஸ்க்கில். டிஸ்க் செத்தால் அதுவும் சேர்ந்து போகும். இந்தக் கடைக்காரருக்கு வேண்டியது வேறு. எல்லாம் ஏற்றி, சரிசெய்து, வேலைக்குத் தயாராக நிற்கும் கணினியின் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுத்து வெளியே ஒரு டிஸ்க்கில் வைக்க வேண்டும். அதுதான் டிஸ்க் இமேஜ்.

வயதான மெக்கானிக்குகள் இதை ‘கோஸ்ட்’ என்பார்கள். 1990களின் நடுவில் நியூசிலாந்தில் உருவான கோஸ்ட் என்ற மென்பொருளை 1998இல் சைமன்டெக் வாங்கியது. பிறகு நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் உலகமெங்கும் ஓடியது. 2013இல் விற்பனை நின்றது. இன்று அந்த வேலையைச் செய்ய இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. தைவானின் உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய குளோன்ஸில்லா அவற்றில் முதன்மையானது. அதே வகை இமேஜை, சுட்டியால் சொடுக்கிச் செய்யக்கூடிய எளிய திரைகளோடு எடுத்துத் தருவது ரெஸ்க்யூஸில்லா. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதைத்தான். அந்தக் கடையிலும் அதையே பயன்படுத்தினோம்.

மூன்றாம் நாள் மாலை கணினி தயாரானதும் கடைக்காரர் தேங்கிய வேலைகளைத் தொடங்கப் போனார். “இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்துக்குங்க” என்று தடுத்தேன். இமேஜ் எடுக்கச் சரியான நேரம் அது மட்டுமே. விண்டோஸ் அப்டேட்டுகள் முடிந்துவிட்டன. மென்பொருள்கள் உரிமத்தோடு இருக்கின்றன. பிரிண்டர் அச்சடிக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கோப்பு ஒன்றுகூட வரவில்லை, பிரவுசரில் ஒரு கடவுச்சொல்லும் பதியவில்லை. நாளைக்கு எடுத்தால் நாளைய குப்பையும் உள்ளே போகும். இந்த இமேஜில் கடவுச்சொற்கள் இருக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இமேஜ் உள்ள டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் உள்ளே இருப்பதை அவர் எடுத்துப் பார்க்க முடியும்.

எடுப்பதற்கு முன் ஒரு சிறிய வேலை செய்தோம். நம் ஊரில் எல்லோரும் கோப்புகளை டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பார்கள். டெஸ்க்டாப் இருப்பது C: டிரைவில். இமேஜைத் திரும்பப் போடும்போது அந்த டிஸ்க்கில் அன்றைக்கு இருப்பதெல்லாம் அழிந்து, பழைய நகல்தான் வந்து உட்காரும். ஆகவே, கடையில் சும்மா கிடந்த இன்னொரு எஸ்.எஸ்.டி.யைக் கணினிக்குள் பொருத்தி அதை D: ஆக்கினோம். பிறகு டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டு ஃபோல்டர்களின் Properties போய், Location பகுதியில் இரண்டையும் D: டிரைவுக்கு நகர்த்தினோம். இதை இமேஜுக்கு முன்பே செய்துவிட்டதால், எப்போது திரும்பப் போட்டாலும் டெஸ்க்டாப் தானாகவே D: டிரைவைத்தான் பார்க்கும். வேலைகள் ஒரு டிஸ்க்கில், கருவிகள் இன்னொரு டிஸ்க்கில்.

ஒரு ஜிபிக்குச் சற்றே கூடுதலான ரெஸ்க்யூஸில்லா கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறிய கருவியால் ஒரு பென்டிரைவில் எழுதினோம். கணினியை அணைத்து, பென்டிரைவையும் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கையும் சொருகி, F12 அழுத்தி பென்டிரைவிலிருந்து திறந்தோம். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். விண்டோஸ் இப்போது ஓடவில்லை என்பதுதான் இதில் நல்லது. அதன் டிஸ்க் அசையாமல் கிடக்கிறது, வெளியிலிருந்து நிதானமாக நகலெடுக்கலாம்.

Backup அழுத்தி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம். அங்கேயே ஒரு தவறு பிடிபட்டது.

அந்தக் கணினியில் 512 ஜிபி டிஸ்க். நிரம்பியிருந்தது ஏறத்தாழ 45 ஜிபிதான். இந்தக் கருவி கோப்பு முறையைப் படித்துப் புரிந்துகொண்டு, நிரம்பிய இடத்தை மட்டும் நகலெடுக்கும். அதனால்தான் இமேஜ் சிறியதாக வருகிறது. ஆனால் திரையில் C: பகுதிக்கு நேரே ntfs என்று இருக்க வேண்டிய இடத்தில் BitLocker என்று இருந்தது. கடைக்காரர் திடுக்கிட்டார். “நான் எதையும் லாக் பண்ணலையே!” அவர் செய்யவில்லை. விண்டோஸ் 11இன் 24H2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. குறியாக்கம் செய்த டிஸ்க்கில் எது கோப்பு, எது காலி இடம் என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அப்படியே தொடர்ந்திருந்தால் காலி இடத்தையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் ஒரு பிட் விடாமல் நகலெடுக்கும். குறியாக்கத்தைச் சுருக்கவும் முடியாது. சில மணி நேரம் ஓடி, கிட்டத்தட்ட டிஸ்க் அளவுக்கே ஒரு இமேஜ் வந்து நின்றிருக்கும்.

நிறுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினோம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இப்படிக் கேட்டால் நிலைமை தெரியும்:

```
manage-bde -status C:
```

இதில் பலர் Protection Off என்ற வரியைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அது போதாது. பாதுகாப்பு நிறுத்தப்பட்டிருந்தாலும் டிஸ்க்கில் எழுதியிருப்பது குறியாக்கமாகவே இருக்கலாம். பார்க்க வேண்டிய வரி Conversion Status. அதில் Fully Decrypted என்று இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி இல்லை. எனவே:

```
manage-bde -off C:
```

கட்டளை உடனே முடிந்ததுபோல் தெரியும், உண்மையில் பின்னணியில் வேலை நடந்துகொண்டிருக்கும். முதல் கட்டளையை மறுபடி மறுபடி கொடுத்து, Percentage Encrypted பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தோம். கமாண்ட் பிராம்ப்ட் பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் Device encryption என்ற இடத்தில் அணைக்கலாம். இமேஜ் எடுத்த பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம். வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினி என்றால் கட்டாயம் இயக்க வேண்டும், மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைக்கவும் வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. Shut down கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகத் தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கை நகலெடுக்கும் கருவிகள் ‘இது சரியாக அணைக்கப்படவில்லை’ என்று மறுத்துவிடக்கூடும். மறுப்பது நம் நன்மைக்குத்தான். இதற்கு இரண்டு வரிகள்:

```
powercfg /h off
shutdown /s /t 0
```

முதல் வரி அந்த அரைத் தூக்க ஏற்பாட்டையே நீக்குகிறது. கூடவே அதற்கான கோப்பும் போய்விடும். 16 ஜிபி ராம் உள்ள கணினியில் அந்தக் கோப்பு மட்டும் சுமார் 6 ஜிபி இருக்கும். இமேஜும் ஓரளவு இளைக்கும். இரண்டாவது வரி கணினியை முழுவதாக அணைக்கும். ஹைபர்னேட் வேண்டுமென்றால் பிறகு `powercfg /h on` கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

மறுபடி பென்டிரைவிலிருந்து திறந்தோம். இப்போது ntfs என்று வந்தது. நான்கு பகுதிகள் தெரிந்தன. முதலாவது 100 எம்பி, கணினி திறப்பதற்கான கோப்புகள் இருக்கும் இடம். அடுத்தது 16 எம்பி. பிறகு பெரிய C:. கடைசியில் சில நூறு எம்பி அளவில் மீட்புப் பகுதி. ‘எனக்கு C: மட்டும் போதுமே’ என்று மற்றவற்றை நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் அந்த இமேஜைப் போட்டால் எல்லாக் கோப்புகளும் இருக்கும், கணினி மட்டும் திறக்காது. நான்கையும் தேர்ந்தெடுங்கள். சிறிய மூன்றும் சேர்ந்து ஒரு ஜிபிகூட ஆகாது.

எங்கே எழுத வேண்டும் என்று வெளி டிஸ்க்கைக் காட்டினோம். இமேஜின் பெயரில் கணினி, மாதம், வருடம் மூன்றும் தெரியும்படி வைத்தோம். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் முடிந்தது. சுருக்கத்துக்குப் பிறகு இமேஜின் அளவு 20 ஜிபியைக்கூட எட்டவில்லை. வெளி டிஸ்க்கை யு.எஸ்.பி. 3 துளையில் சொருகுங்கள், பழைய துளையில் சொருகினால் நேரம் கூடும். அதே கருவியில் Verify என்று இருக்கிறது. அதையும் ஓட்டினோம். எழுதிய இமேஜைத் திரும்பப் படித்துச் சிதைவு இருக்கிறதா என்று அது பார்க்கும்.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்தவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன்: “இப்ப இதை அழிச்சுட்டு, இமேஜ்லேர்ந்து திரும்பப் போடப் போறோம்.”

அவர் முகம் வெளுத்தது. மூன்று நாள் உழைப்பு, கண் முன்னே இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு இமேஜ் உண்மையில் வேலை செய்யுமா என்பதைத் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். Verify சொல்வது கோப்பு சிதையவில்லை என்பதை மட்டும். அதிலிருந்து இந்தக் கணினி திறக்கும் என்று அது சொல்வதில்லை. அடுத்த மாதம் சோதிக்கலாம் என்றால், அடுத்த மாதம் இந்தக் கணினியில் ஒரு மாத வேலை இருக்கும், அழித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. டிஸ்க் போன பிறகு சோதித்தால் அது சோதனையே இல்லை. இழக்க நம்முடையது எதுவுமே இல்லாத ஒரே நாள், நிறுவிய நாள்தான். அன்றைக்குத் தோற்றால் போவது மறுபடி நிறுவும் நேரம். வேறொரு நாள் தோற்றால் போவது அதைவிடப் பெரிது. அவருடைய எழுத்துருக்களையும் உரிம எண்களையும் ஒரு பென்டிரைவில் சேர்த்துக் கையில் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். நியாயமான பயம். அந்தப் பென்டிரைவ் எப்படியும் தேவைப்படும் ஒன்றுதான்.

Restore பக்கத்தில் ஒரே ஒரு ஆபத்து, தவறான டிஸ்க்கைக் காட்டிவிடுவது. விண்டோஸில் பழகிய C:, D: பெயர்கள் அங்கே இருக்காது. nvme0n1, sda, sdb என்றுதான் வரும். அளவையும் நிறுவனப் பெயரையும் பார்த்து அடையாளம் காண வேண்டும். வேலைக் கோப்புகள் உள்ள இரண்டாவது டிஸ்க்கின் கேபிளை அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுவது என் வழக்கம். இல்லாத டிஸ்க்கை யாராலும் தவறாக அழிக்க முடியாது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பென்டிரைவை உருவிவிட்டுத் திறந்தோம். அதே டெஸ்க்டாப். பேஜ்மேக்கரைத் திறந்து பாமினியில் ஒரு வரி அடித்து, கார்டில் அச்சிட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. அதுவரை நின்றுகொண்டே இருந்தவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

இமேஜ் உள்ள டிஸ்க்கைக் கணினியிலேயே சொருகி வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால், சொருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும். கடைக்காரர் அதை வீட்டு அலமாரியில் வைத்தார், பென்டிரைவையும் சேர்த்து, மேலே தேதி எழுதிய ஒரு சீட்டோடு.

அடுத்த வருடம் அவர் கணினியின் முதல் டிஸ்க் ஒருநாள் காலையில் கண்ணிலேயே படவில்லை. பயாஸ் திரையிலும் பெயர் இல்லை. செத்துவிட்டது. கடைக்குப் போய்ப் புது டிஸ்க் கேட்டிருக்கிறார். 500 ஜிபி ஒன்று இருக்கிறது, விலையும் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளையாக வாங்குவதற்கு முன் எனக்குப் போன் செய்தார். 512 ஜிபி டிஸ்க்கின் இமேஜ் 500 ஜிபி டிஸ்க்கில் உட்காராது. உள்ளே இருப்பது 45 ஜிபிதானே என்று கேட்கலாம். ஆனால் இமேஜ் பகுதிகளின் எல்லைகளையும் அப்படியே நினைவில் வைத்திருக்கிறது, கடைசிப் பகுதி பழைய டிஸ்க்கின் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பு புது டிஸ்க்கில் இல்லை. பழைய அளவு, அல்லது அதைவிடப் பெரியது என்பதுதான் விதி. 1 டிபி வாங்கினார். இமேஜைப் போட்ட பிறகு மிஞ்சிய காலி இடத்தைத் தனி டிரைவாக அமைத்துக்கொண்டார். தாய்ப்பலகை பழையதே என்பதால் விண்டோஸ் உரிமமும் சிக்கல் செய்யவில்லை. வேறு கணினியில் போட்டிருந்தால் அது தன்னை அடையாளம் காணாமல் உரிமம் கேட்டிருக்கும், டிரைவர்களும் பொருந்தியிருக்காது. ஒரு கணினியின் இமேஜ் அந்தக் கணினிக்கு உரியது.

பதினொரு மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு முன் கடை ஓடியது. வேலைக் கோப்புகள் இரண்டாவது டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. அதுவும் ஒருநாள் சாகும், ஆகவே அவற்றுக்குத் தினசரி நகல் தனியாக வேண்டும். இமேஜ் அந்த வேலையைச் செய்யாது.

ஒரு வருடப் பழைய இமேஜ் என்பதால் விண்டோஸ் அப்டேட்டுகள் வரிசை கட்டி நின்றன. இணையத்தில் வேறெதுவும் செய்வதற்கு முன் அவற்றை முடித்தோம். முடித்த கையோடு, கடை வேலை தொடங்கும் முன்பே, இரண்டாவது இமேஜ் எடுத்தோம். இமேஜைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்ற வேண்டும்: பழைய சுத்தமான இமேஜைத் திரும்பப் போட்டு, அப்டேட் செய்து, அதிலிருந்து புதியதை எடுப்பது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து எடுத்தால் ஒரு வருட அழுக்கும், ஒருவேளை தெரியாமல் புகுந்த வைரஸும், ‘சுத்தமான நகல்’ என்ற பெயரில் அலமாரிக்குப் போகும். பழைய இமேஜையும் அழிக்கவில்லை. 20 ஜிபி, 1 டிபி டிஸ்க்கில் ஒரு மூலை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், இப்போது பல வீடுகளிலும் கடைகளிலும் விண்டோஸ் 11 புதிதாக ஏறுகிறது. உங்கள் கணினிக்கும் மெக்கானிக் வருகிறார் என்றால், ஒரு வெளி டிஸ்க்கைத் தயாராக வைத்திருங்கள். எல்லாம் ஏற்றி முடித்ததும் இமேஜ் எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னேயே ஒருமுறை அதைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூலியை அதற்குப் பிறகு கொடுங்கள்.